கேட் வால்வின் தண்டோரம் ஒழுகும் தண்ணீர்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புங்க. போர் லைன்ல ரெண்டு இஞ்ச் பித்தளை கேட் வால்வு, தண்டோரமா சொட்டுது. வால்வையே மாத்தணுமா?

பெரும்பாலும் வேண்டாங்க. கைப்பிடிக்குக் கீழே தண்டைச் சுற்றியுள்ள கிளாண்ட் நட்டை, கால் சுற்றுக்கும் குறைவாக வலப்பக்கம் திருகிப் பாருங்க. சொட்டு நின்றதும் விட்டுடுங்க. அதற்கு மேல் இறுக்கினால் கைப்பிடி சுற்றாது, நட்டுக்குள்ளே தண்டைச் சுற்றி ஒழுகாமல் அடைத்திருக்கும் கயிறும் சீக்கிரம் தேயும்.

நட் அடிவரை இறங்கியும் நிற்கவில்லையென்றால் உள்ளே கயிறு தேய்ந்துவிட்டது. மோட்டாரை நிறுத்தி, லைனில் உள்ள தண்ணீரை வடித்துவிட்டு, கைப்பிடியையும் நட்டையும் கழற்றுங்க. அழுத்தம் இருக்கும்போது நட்டைக் கழற்றவே கூடாது. பழைய கயிற்றைக் கொக்கிக் கம்பியால் துளிகூட விடாமல் எடுங்க; தண்டில் கீறல் விழுந்தால் புதுக் கயிறும் ஒழுகும்.

புதுக் கயிற்றின் அளவுக்கு, கயிறு உட்காரும் குழியின் உள்விட்டத்தில் தண்டின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்குங்க. குழி 20 மி.மீ., தண்டு 10 மி.மீ. என்றால் 5 மி.மீ. கிராஃபைட் கயிறு. தண்டைச் சுற்றி அளந்து, முனைகளைச் சாய்வாக வெட்டி, வளையம் வளையமாகப் போடுங்க. ஒரு வளையத்தின் இணைப்புக்கு நேர் எதிர்ப்பக்கம் அடுத்ததன் இணைப்பு வரணும். ஒரே வரிசையில் அமைந்தால் தண்ணீர் அந்த வழியாகவே ஏறிவிடும். நட்டைக் கையால் இறுக்கி, மோட்டாரை ஓட்டி, சொட்டு நிற்கும்வரை கொஞ்சங் கொஞ்சமாகத் திருகுங்க.

அவசரத்துக்கு டெஃப்லான் டேப்பைக் கயிறாக முறுக்கிச் சுற்றலாம், தற்காலிகந்தான். உப்புத் தண்ணீரில் தண்டே குழிகுழியாக அரித்திருந்தால் மட்டும் வால்வை மாற்றுங்க.