எஸ்டி ஏறவில்லை என்றால் ஆஞ்சியோவுக்கு ஒரு நாள் பொறுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. நேற்று இரவு நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். ஈசிஜியில் எஸ்டி எலிவேஷன் இல்லை, இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் மட்டும் ரத்தத்தில் கூடியிருக்கிறது, இது என்ஸ்டெமி, ஆஞ்சியோவை நாளைக்குச் செய்யலாம் என்கிறார்கள். அதே நேரத்தில் வந்த இன்னொருவரை ஸ்டெமி என்று சொல்லி உடனே ஆஞ்சியோ செய்யும் கேத் லேபுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்பாவுக்கு வந்தது சின்ன அட்டாக்கா? ஒரு நாள் பொறுப்பது சரிதானா?

பதில்: வலி முழுவதும் அடங்கியிருந்து, ரத்த அழுத்தமும் நாடியும் சீராக இருந்தால் பொறுப்பது சரிதான். ட்ரோபோனின் கூடிய என்ஸ்டெமிக்கு 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ என்பது ஏற்கப்பட்ட கால அளவு. வலி இன்னும் விட்டுவிட்டு வருகிறது என்றால் அந்தக் கணக்கு பொருந்தாது. இப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். ‘சின்ன அட்டாக்’ என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். என்ஸ்டெமி வருபவர்களில் பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் அடைப்பு இருக்கும்.

இதயக் குழாய் ஒன்றை ரத்தக்கட்டி முழுவதும் அடைத்துவிட்டால், அது ஊட்டும் தசை உட்புறத்திலிருந்து வெளிப்புறம் வரை முழுத் தடிமனுக்கும் சாகத் தொடங்குகிறது. ஈசிஜியில் இதயத்தை ஒவ்வொரு கோணத்திலிருந்து பார்க்கும் பதிவுகளை லீடுகள் என்பார்கள். அந்தப் பகுதியைப் பார்க்கும் லீடுகளில், துடிப்பின் கூர்மையான அலைக்கும் அதன்பின் வரும் டி அலைக்கும் இடையிலுள்ள எஸ்டி கோடு மேலே ஏறும். இதுதான் ஸ்டெமி. நிமிடத்துக்கு நிமிடம் தசை போய்க்கொண்டிருப்பதால், நேரடியாக கேத் லேப் உள்ள இடத்துக்கு வந்தவருக்கு 90 நிமிடங்களுக்குள் குழாயைத் திறக்கப் பார்க்கிறார்கள். வேறு ஊரிலிருந்து மாற்ற வேண்டியிருந்து, 120 நிமிடங்களுக்குள் அது முடியாது என்று தெரிந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசியை இருக்கும் இடத்திலேயே போட்டுவிடுவார்கள். என்ஸ்டெமியில் பெரும்பாலும் குழாய் பாதி அடைபட்டு, ரத்தம் கொஞ்சம் போய்க்கொண்டிருக்கும்; தசையின் உள் அடுக்கு மட்டும் பாதிக்கப்படும். எஸ்டி கீழே இறங்கும், அல்லது டி அலை தலைகீழாகும், சில நேரம் ஈசிஜி மாறாமலே இருக்கும். கரைக்கும் ஊசி இவர்களுக்குப் பலன் தராது, ரத்தக்கசிவு ஆபத்துதான் கூடும். அதனால் அதைக் கேட்டு வற்புறுத்தாதீர்கள்.

இந்த இரண்டு பெயரும் ஈசிஜி தாளைப் பார்த்து வைக்கப்படுபவை. குழாய்க்குள் நடப்பதை அந்தத் தாள் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது, ஆனால் எப்போதும் அல்ல. என்ஸ்டெமி என்று பெயரிடப்பட்டு ஆஞ்சியோவுக்குப் போகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் குழாய் முழுவதும் அடைபட்டிருப்பதைக் காண்கிறார்கள். ஏன் தவறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, எந்த லீட் எந்தச் சுவரைப் பார்க்கிறது என்று தெரிந்தால் போதும்.

தாளில் V1 முதல் V4 வரை இதயத்தின் முன்சுவரைப் பார்க்கின்றன. அதை ஊட்டுவது இடது முன் இறங்கு தமனி, மருத்துவர்கள் எல்ஏடி என்பார்கள். II, III, aVF மூன்றும் அடிப்பகுதியைப் பார்க்கின்றன. அங்கே பெரும்பாலானோருக்கு வலது தமனி. I, aVL, V5, V6 பக்கச்சுவரைப் பார்க்கின்றன. அது பெரும்பாலும் சர்க்கம்ஃப்ளெக்ஸ் தமனியின் பங்கு. அடுத்தடுத்த இரண்டு லீடுகளில் ஒரு மில்லிமீட்டர், அதாவது ஒரு சிறு கட்டம் ஏறினால் ஸ்டெமி என்று கொள்வார்கள். V2, V3-இல் மட்டும் அளவு கூடுதல்: 40 வயதைக் கடந்த ஆண்களுக்கு 2, பெண்களுக்கு ஒன்றரை. இப்போது எண்ணிப் பாருங்கள்: பின்சுவரைப் பார்க்க ஒரு லீட்கூட இல்லை.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். 55 வயதுக்காரர் ஒருவர், இரண்டு மணி நேரமாக வலி. தாளில் V1, V2, V3-இல் எஸ்டி ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கிப் படுக்கைவசமாக இருக்கிறது. மற்ற லீடுகளில் சொல்லும்படி எதுவும் இல்லை. ஏற்றம் இல்லாததால் என்ஸ்டெமி என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அதே லீடுகளில் கூர்மையாக மேலெழும் ஆர் அலை வழக்கத்தைவிட உயரமாகவும் டி அலை நிமிர்ந்தும் இருக்கின்றன. முன்சுவர் லீடுகள் இங்கே கண்ணாடி போல, பின்சுவரின் ஏற்றத்தைத் தலைகீழாகக் காட்டுகின்றன. தாளைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கமிருந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஸ்டெமியின் உருவம் தெரியும்.

உறுதிப்படுத்துவது எளிது, கூடுதல் கருவி வேண்டாம். V4, V5, V6 கம்பிகளைக் கழற்றி, V6 இருந்த அதே மட்டத்தில் முதுகுப் பக்கம் வைப்பார்கள்: ஒன்று இடது அக்குளின் பின்மடிப்புக் கோட்டில், அடுத்தது தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்கு நேரே, மூன்றாவது முதுகெலும்பை ஒட்டி இடதுபுறம். இவைதான் V7, V8, V9. இயந்திரம் பழைய பெயர்களையே அச்சிடும் என்பதால் தாளில் கையால் திருத்தி எழுத வேண்டும். இந்தச் சின்ன வேலையை மறப்பதால் அடுத்து பார்ப்பவர் தவறாகப் படிக்க நேர்கிறது. முதுகுக்கும் இதயத்துக்கும் இடையே தூரம் அதிகம் என்பதால் அரை மில்லிமீட்டர் ஏற்றமே போதும். நம் உதாரணத்தில் V8, V9-இல் அது வந்துவிட்டால் அவர் ஸ்டெமி நோயாளி. சர்க்கம்ஃப்ளெக்ஸ் அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். நாளை வரை காத்திருந்தால் பின்சுவர் மிஞ்சாது. ட்ரோபோனின் அளவு இதில் உதவாது. அது உயரவே இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். உயர்ந்த பிறகும், அடைப்பு முழுமையா பாதியா என்று அது சொல்லாது.

எனவே உங்கள் அப்பாவின் மருத்துவரிடம் பணிவாக இரண்டு கேள்விகள் கேட்கலாம். முதல் ஈசிஜியில் V1 முதல் V3 வரை எஸ்டி இறங்கியிருந்ததா, இருந்தால் முதுகுப்பக்க லீடுகள் எடுத்தார்களா? வந்ததிலிருந்து எத்தனை ஈசிஜி எடுத்தார்கள்? ஒரே ஒரு தாளை வைத்து முடிவு செய்வது போதாது. வலி தொடரும்போது 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்தால்தான், பாதி அடைப்பு முழு அடைப்பாக மாறுவது கண்ணில் படும்.

எஸ்டி ஏறாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ தேவைப்படும் நிலைகள் உண்டு. மருந்துக்கு அடங்காத அல்லது திரும்பத் திரும்ப வரும் வலி, ரத்த அழுத்தம் சரிதல், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுதல், உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு ஆகியவை அவை. ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட லீடுகளில் எஸ்டி இறங்கி, aVR என்ற லீடில் மட்டும் ஏறியிருப்பதும் அந்த வரிசைதான். இடது பிரதான தமனியிலோ பல குழாய்களிலோ கடும் அடைப்பு இருக்கலாம் என்பதற்கு அது அடையாளம்.

வலியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மார்ஃபின் கொடுத்திருந்தால் வலி தெரியாமல் போகும், அடைப்பு அப்படியே இருக்கும். ‘வலி இல்லை’ என்று அப்பா சொன்னால், அது எந்த மருந்துக்குப் பிறகு, எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள். மறுபடி வலி தலைகாட்டினால், நெஞ்சில் மட்டுமல்ல, தாடையிலோ இடது கையிலோ வந்தாலும், குளிர்ந்து வியர்த்தாலும், அடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். செவிலியரைக் கூப்பிட்டு, வலி இருக்கும்போதே ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்லி, அதை முந்தைய தாளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.