அம்மா விற்கும் சமோசாவும் கணக்கில் வரவேண்டும்

"ஐயா, நாங்கள் டர்பன் பக்கம் டோங்காட்டில் இருக்கிறோம். மேட்ரிக் படிக்கும் என் மகளை ஒரு கம்பெனி பர்சரி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சிவில் இன்ஜினியரிங் படிக்க ஆசைப்படுகிறாள். மார்ச்சில் அவள் அப்பாவுக்கு ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. 14 வருட வேலை, மாதம் 12,000 ரேண்ட் சம்பளம். நான் வீட்டில் சமோசா, முறுக்கு செய்து விற்கிறேன். அதை ஃபாரத்தில் எழுதவில்லை. மாமியாருக்கு அரசு பென்ஷன் வருகிறது. வீட்டுப் பணம், லட்சியம், சமூக சேவை எல்லாம் கேட்பார்களாம். அவள் எப்படிப் பதில் சொல்லவேண்டும்?"

அம்மா, முதலில் அந்தச் சமோசாவைச் சரிசெய்துவிடுவோம். நான் பல வருடங்கள் பர்சரி தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். கூடுதலாக வருமானம் காட்டிய பிள்ளையை விட, கணக்கு ஒட்டாத பிள்ளைதான் அந்த அறையில் தடுமாறும். பெரும்பாலான பர்சரிகள் மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கும். அதில் சனிக்கிழமைதோறும் சின்னச் சின்னதாகப் பணம் விழுந்திருந்தால், "இது எங்கிருந்து வருகிறது?" என்று உங்கள் மகளிடம்தான் கேட்பார்கள். ஸ்டேட்மென்டில் ஒன்றுமே தெரியாவிட்டாலும் கேள்வி வரும்: அரை வருமானத்தில் வீட்டில் எல்லோரும் எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?

ஆகவே இந்த வாரமே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஓர் அஃபிடவிட் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதற்குக் காசு வாங்கமாட்டார்கள், உங்கள் ஐடி புத்தகமோ கார்டோ இருந்தால் போதும். என்ன விற்கிறீர்கள், சராசரியாக மாதம் கையில் எவ்வளவு நிற்கிறது என்று மட்டும் அதில் எழுதுங்கள். விற்ற தொகை வேறு, மிஞ்சும் தொகை வேறு. 7,000 ரேண்டுக்கு விற்று, எண்ணெய், மாவு, கேஸுக்குப் பாதி போனால் உங்கள் வருமானம் 3,500. ஃபாரத்தில் விட்டுப்போனதைச் சேர்க்கிறோம் என்று இரண்டு வரி ஈமெயிலுடன் பர்சரி அலுவலகத்துக்கு இன்டர்வியூவுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். முன்கூட்டித் திருத்தியதைக் குழு திருத்தமாகவே எடுத்துக்கொள்ளும். அறைக்குள் தெரியவந்தால் மறைத்ததாகத்தான் நினைக்கும்.

அப்புறம் ஒரு மாலை நீங்கள் மூவரும் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் மாதக் கணக்கு எழுதுங்கள். எனக்குத் தெரிந்த வீடுகளை வைத்து ஒரு மாதிரி போடுகிறேன், உங்கள் எண்களை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். 12,000 வாங்கியவருக்கு, வேலை போனவர்களுக்கான காப்பீடான யுஐஎஃப் பணம் முதல் எட்டு மாதம் போல மாதம் ஏறக்குறைய 4,800 வரும். உங்கள் வியாபாரம் 3,500. மாமியாரின் முதியோர் உதவித்தொகை சுமார் 2,300. மொத்தம் 10,600. செலவில் வீட்டுக் கடன் தவணை 4,200, சாப்பாடு 3,400, கரன்ட்டும் தண்ணீரும் 1,700, டாக்ஸி 900, தம்பியின் பள்ளிக்கூடம் 600, மருந்து 300, ஃபோன் 200 என்று வைத்தால் 11,300. மாதம் 700 துண்டு விழுகிறது.

அந்த 700 எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. ஆட்குறைப்பு செய்தால், வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். 14 வருடத்துக்கு 14 வாரம், சுமார் 39,000 ரேண்ட். அது மொத்தமாக பேங்கில் விழுந்திருக்கும், குழுவின் கண்ணிலும் படும். அதில் 15,000 பழைய கடனுக்குப் போனது, 9,000 கூரைக்குப் போனது, மீதி 15,000-த்திலிருந்து மாதம் 700 எடுக்கிறோம் என்று சொல்லத் தெரிந்திருந்தால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

இதில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. யுஐஎஃப் அதிகபட்சம் 12 மாதம்தான் வரும், கடைசி மாதங்களில் அதுவும் குறைந்துவிடும். உங்கள் மகள் பிப்ரவரியில் யுனிவர்சிட்டியில் கால் வைப்பாள். மார்ச் வாக்கில் அப்பாவின் பணம் நின்றுவிடும். அதன்பின் வீட்டுக்கு வருவது 5,800 மட்டுமே. ஃபாரத்தில் இருப்பதோ அநேகமாகப் போன வருடத்துப் பிடித்தம் போகாத சம்பளம். போன வருடம், இந்த வருடம், படிக்கப்போகும் வருடம் என்று மூன்றையும் பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரியவேண்டும். ஆட்குறைப்புக் கடிதத்தையும், வேலை முடிந்ததைக் காட்டி கம்பெனி தரும் யுஐ-19 ஃபாரத்தையும் நகலெடுத்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

சொல்லும்போது ஆறேழு வாக்கியம் போதும், இப்படி: "அப்பாவுக்கு மார்ச்சில் வேலை போனது. இப்போது யுஐஎஃப், அம்மாவின் வியாபாரம், ஆயாவின் பென்ஷன் சேர்ந்து மாதம் 10,600 வருகிறது. 700 குறைகிறது, அதை அப்பாவுக்குக் கிடைத்த தொகையிலிருந்து எடுக்கிறோம். அடுத்த மார்ச்சில் யுஐஎஃப் நின்றுவிடும். அப்பா வேலை தேடுகிறார். அரசின் மாணவர் நிதியுதவியான என்எஸ்எஃப்ஏஎஸ்ஸுக்கும் விண்ணப்பித்திருக்கிறேன். அது கிடைத்தால் உங்களுக்கு உடனே தெரிவிப்பேன்." ஆண்டு வருமானம் 350,000 ரேண்டுக்குள் இருக்கும் குடும்பம் என்பதால், "என்எஸ்எஃப்ஏஎஸ் இருக்கிறதே?" என்று கட்டாயம் கேட்பார்கள். அதனால் கடைசி இரண்டு வாக்கியமும் அவள் வாயில் தயாராக இருக்கட்டும். இன்னும் விண்ணப்பிக்காவிட்டால் உடனே செய்யச் சொல்லுங்கள். இதை வீட்டில் அப்பாவின் முன்னால் இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்க்கட்டும். அவர் எதிரில் சொல்ல முடிந்தால் அங்கே குரல் உடையாது.

லட்சியத்துக்கு உங்கள் ஊரே கைகொடுக்கும். ஏப்ரல் 2022 வெள்ளத்தில் டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. பக்கெட்டோடு டாங்கர் லாரிக்கு வரிசையில் நின்ற பிள்ளை அவள். "நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்பதை எல்லோரும் சொல்வார்கள். அன்று எது உடைந்தது, அதைச் சரிசெய்ய ஏன் அத்தனை நாள் ஆனது என்று அவளே தேடிப் படித்துவிட்டுப் பேசட்டும். நான்கு வருடப் பட்டம், அதன்பின் குறைந்தது மூன்று வருட அனுபவம், அப்புறம்தான் பதிவுபெற்ற இன்ஜினியர் என்ற வழியும் தெரிந்திருக்கவேண்டும். முதல் வருடக் கணக்குப் பாடத்தில் தோற்றால் என்ன செய்வாய் என்றும் கேட்பார்கள். கம்பெனி பர்சரியில் பணம் தந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வருடம் அங்கேயே வேலை செய்யவேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். ஒப்பந்தத்தில் அது எப்படி இருக்கிறது, பாதியில் நின்றால் திருப்பிக் கட்டவேண்டுமா என்று அவளே கேட்பது நல்லது. தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

சமூக சேவையில் நம் பிள்ளைகள் ஒரு பட்டியலே படிப்பார்கள்: காவடிக்கு அன்னதானம், தமிழ்ப் பள்ளி, கோயில் சுத்தம். ஒன்றை மட்டும் எடுத்து, அதில் தன் கை எங்கே இருந்தது என்று சொல்வதே பலன் தரும். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி, கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை கணக்கு சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். 11 பிள்ளைகள் வந்தார்கள், இரண்டே மாதத்தில் 4 ஆகிவிட்டார்கள். ஏன் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டாளாம், டாக்ஸி காசுதான் காரணம். பூஜைக்குக் குடும்பத்தோடு வரும் வெள்ளிக்கிழமை மாலைக்கு வகுப்பை மாற்றினாள், எண்ணிக்கை மறுபடி 9 ஆனது. அன்று குழுவில் இருந்த நாங்கள் யாரும் அவளிடம் இரண்டாவது சேவையைக் கேட்கவில்லை. "கோயில் வேலை உங்கள் ஆட்களுக்கு மட்டும்தானே?" என்று யாராவது கேட்டால் உங்கள் மகள் பதற வேண்டியதில்லை. யார் யார் வந்தார்கள் என்பதை உள்ளபடி சொல்லட்டும். எத்தனை மணி நேரம் செய்தாள் என்பதை மட்டும் அதிகப்படுத்திச் சொல்ல வேண்டாம். கோயில் கமிட்டியிடம் வாங்கிய கடிதத்தில் உள்ள எண்ணும் அவள் சொல்லும் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். அந்தக் கடிதத்தை அனுப்பும் முன் ஒருமுறை அவளே படித்துப் பார்க்கட்டும்.