41ஆ, 47ஆ? ஏழு நாள் வெயிலும் இரண்டு விலக்கங்களும்

பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா: பையன் பத்தாவது படிக்கிறான். மே மாதத்தில் ஒரு வாரம் பேப்பரைப் பார்த்து, தினமும் அதிகபட்ச வெப்பநிலையை நோட்டில் எழுதியிருக்கிறான். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்: 36, 37, 38, 37, 39, 38, 41. சராசரி விலக்கம் 1.14, திட்ட விலக்கம் 1.51 என்று போட்டிருக்கிறான். ஒரே ஏழு எண்ணுக்கு எப்படி இரண்டு விடை? எது தப்பு?

இரண்டும் சரி அம்மா. பையன் கணக்கை ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறான்.

கூட்டினால் 266, ஏழால் வகுத்தால் சராசரி 38. ஒவ்வொரு நாளும் அந்த 38ஐ விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள்: 2, 1, 0, 1, 1, 0, 3. மேலேயா கீழேயா என்பதை விட்டுவிட்டுக் கூட்டினால் 8. அதை ஏழால் வகுத்தால் 1.14 டிகிரி. ஒரு நாள் சராசரியாக எவ்வளவு விலகியிருந்தது என்பதற்கு நேரடியான பதில் இதுதான்.

திட்ட விலக்கத்துக்கு அதே விலகல்களை வர்க்கமாக்குகிறோம்: 4, 1, 0, 1, 1, 0, 9. கூட்டுத்தொகை 16, ஏழால் வகுத்தால் 2.29, வர்க்கமூலம் எடுத்தால் 1.51. இதில் அந்த 41ஐ மட்டும் தனியாகப் பாருங்கள். முதல் கணக்கில் எட்டில் மூன்று பங்கு அதனுடையது. இரண்டாவதில் பதினாறில் ஒன்பது, அதாவது பாதிக்கு மேல். இரண்டு விடைக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரிய பங்கு அங்கேதான் இருக்கிறது.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நங்கநல்லூர்: வர்க்கம் போடுவது மைனஸைப் போக்கத்தான் சார். அடையாளத்தை அடித்துவிட்டாலும் அதே வேலை நடக்கிறது. ஆக இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் வேறு அளவில் சொல்கின்றன, இல்லையா?

முதல் பாதி சரி சார். விலகல்களை அப்படியே கூட்டினால் எப்போதும் பூஜ்யம்தான் வரும், அதனால் மைனஸை எப்படியாவது போக்கியாக வேண்டும். ஆனால் ஒரே விஷயம் என்பதை ஏற்க முடியாது.

இன்னொரு வாரத்தை நானே எழுதிக் காட்டுகிறேன்: 36, 37, 37, 38, 39, 39, 40. சராசரி இதற்கும் 38. விலகல்கள் 2, 1, 1, 0, 1, 1, 2; கூட்டினால் இதுவும் 8, ஆகவே சராசரி விலக்கம் அதே 1.14. வர்க்கங்களைக் கூட்டினால் 12தான், திட்ட விலக்கம் 1.31 ஆகிறது. வேறு அளவில் சொல்வது மட்டும்தான் என்றால் இங்கேயும் 1.51 வந்திருக்க வேண்டும். மொத்த விலகல் இரண்டு வாரத்திலும் ஒன்றே. அது நாட்களுக்குள் பரவலாகப் பிரிந்திருக்கிறதா, ஒரே நாளில் குவிந்திருக்கிறதா என்பதைத் திட்ட விலக்கம் கவனிக்கிறது, சராசரி விலக்கம் கவனிப்பதில்லை.

திட்ட விலக்கம் சராசரி விலக்கத்தைவிடக் குறைவாக வரவே வராது. எல்லா நாளும் சரிசமமாக விலகியிருந்தால் மட்டும் இரண்டும் ஒன்றாக இருக்கும். விடையைச் சரிபார்க்க இதுவே சுருக்கு வழி: திட்ட விலக்கம் சிறியதாக வந்தால் எங்கோ கை தவறியிருக்கிறது.

கல்லூரி மாணவி, தாம்பரம்: நானும் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 1.63 வருகிறது. தம்பி போட்டது தப்பு.

தப்பு இல்லை. உங்கள் கால்குலேட்டரில் `σx`, `sx` என்று இரண்டு இருக்கும். முதலாவது ஏழால் வகுக்கிறது, இரண்டாவது ஆறால். விரிதாளில் என்றால் `STDEV.P`, `STDEV.S`. சராசரி விலக்கத்துக்கு `AVEDEV`. பத்தாம் வகுப்புப் பாடத்தில் ஏழால்தான் வகுக்கிறார்கள், தம்பி அதன்படி போட்டிருக்கிறான்.

இந்த ஏழு நாளைப் பற்றி மட்டும் பேசினால் ஏழு. இதை வைத்து மே மாதம் முழுக்க எப்படி என்று ஊகித்தால் ஆறு. ஆனால் அந்த இரண்டாவது வேலையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கடல்காற்று மதியத்துக்குள் வந்துவிட்டால் சென்னையில் வெயில் அடங்கும், தாமதமானால் ஏறிக்கொண்டே போகும். அந்தப் போக்கு நாலைந்து நாள் தொடர்வதும் உண்டு. அடுத்தடுத்த நாட்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும்போது ஆறால் வகுப்பதும் முழு மருந்தாகாது.

வேளச்சேரியிலிருந்து ஒருவர்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி எண் 47 போலத்தான் தெரிகிறது. அப்படியானால் சராசரி விலக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம், அது ஒற்றை எண்ணுக்கெல்லாம் அசையாது.

முதலில் எண்ணைப் பார்ப்போம். பக்கத்தின் ஓரம் மடங்கியிருப்பதால் நிழல் விழுந்து அப்படித் தெரிகிறது. பையன் 37 என்று எழுதிய இரண்டு இடத்திலும் 7இன் நடுவே ஒரு சிறு குறுக்குக் கோடு இருக்கிறது, கடைசி எண்ணில் அது இல்லை. இன்னொன்று, நுங்கம்பாக்கத்தில் பதிவான உச்சமே 2003 மே 31இல் வந்த 45 டிகிரிதான். ஆகவே 41. ஆனாலும் அன்றைய பேப்பரை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

அசையாது என்கிறீர்களே, 47 என்றே வைத்துப் போட்டுப் பார்க்கலாம். சராசரி 38.86 ஆகிவிடுகிறது. சராசரி விலக்கம் 1.14இலிருந்து 2.37க்கு ஏறுகிறது, திட்ட விலக்கம் 1.51இலிருந்து 3.44க்கு. ஒன்று இரண்டு மடங்குக்குச் சற்று மேல், மற்றது இரண்டேகால் மடங்கு. இரண்டுமே நன்றாக அசைந்திருக்கின்றன, திட்ட விலக்கம் கொஞ்சம் கூடுதலாக. ஏழே எண் இருக்கும்போது ஒரு தவறான எண் சராசரியையே இழுத்துவிடுகிறது, அந்தச் சராசரியிலிருந்துதான் இரண்டையும் அளக்கிறோம். அசையாத ஒன்று வேண்டும் என்றால், எண்களை வரிசையாக அடுக்கும்போது நடுவில் வரும் இடைநிலை அளவைப் பாருங்கள். 41 ஆனாலும் 47 ஆனாலும் அது 38தான்.

அதே மாணவி: அப்படியானால் எதுதான் மேல்?

வானியலாளர் எடிங்டனும் புள்ளியியலாளர் ஃபிஷரும் மோதிக்கொண்ட கேள்வி இது. நடைமுறைக்குச் சராசரி விலக்கமே நல்லது என்று எடிங்டன் 1914இல் எழுதினார். அளவீடுகள் மணி வடிவத்தில் பரவியிருந்தால் திட்ட விலக்கம்தான் திறமையானது என்று ஃபிஷர் 1920இல் நிரூபித்தார். சராசரி விலக்கத்துக்கு 100 அளவீடு தேவைப்படும் இடத்தில் திட்ட விலக்கத்துக்குக் கிட்டத்தட்ட 88 போதும். 1960இல் இன்னொரு புள்ளியியலாளர் டியூக்கி வந்து, ஆயிரத்தில் இரண்டு அளவீடு மோசமாக இருந்தாலே அந்தச் சாதகம் கரைந்துவிடும் என்று காட்டினார். ஏழு எண்ணை வைத்துக்கொண்டு நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நானாக இருந்தால் இரண்டையும் எழுதி, 41ஐத் தனியாகக் குறிப்பிடுவேன்.

மயிலாப்பூரில் இளநீர்க் கடை வைத்திருப்பவர்: எனக்கு இன்றைக்கும் நாளைக்கும் வெயில் எவ்வளவு மாறும் என்று தெரிந்தால் போதும், அதை வைத்துத்தான் சரக்கு எடுக்கிறேன். 1.14ஆ 1.51ஆ அண்ணே?

இரண்டுமே இல்லை தம்பி. இவை நாட்களின் வரிசையைப் பார்ப்பதே இல்லை. இதே ஏழு எண்ணைக் கலைத்து 36, 37, 37, 38, 38, 39, 41 என்று அடுக்கினாலும் 1.14, 1.51 அப்படியே இருக்கும். உங்களுக்கு வேண்டியது நாளுக்கு நாள் மாற்றம். நோட்டில் உள்ள வரிசைப்படி அது 1, 1, 1, 2, 1, 3, சராசரி 1.5 டிகிரி. அடுக்கிய வரிசையில் 1, 0, 1, 0, 1, 2, சராசரி 0.83தான். 1.5, 1.51 இரண்டும் பக்கத்தில் வந்தது தற்செயல், அதை நம்பிவிடாதீர்கள். நாளைய சரக்குக்கு வானிலை மைய அறிவிப்பில் கடல்காற்றைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள்.