சைட் மீட்டிங் மினிட்ஸ்: எந்த இடம், எந்தத் தேதி, எந்தப் போட்டோ?

"சார், பெரும்பாக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட் வேலையில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். சனிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் முடிந்ததும் மினிட்ஸ் எழுதுவது நான்தான். அடுத்த வாரம் கேட்டால் கான்ட்ராக்டர், 'எந்த இடம்னு சொல்லலையே, எப்போதுக்குள்ளனும் சொல்லலையே' என்கிறார். போட்டோ எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறது. எப்படி எழுத வேண்டும்?"

உங்கள் கான்ட்ராக்டர் கேட்கும் இரண்டுமே நியாயமான கேள்விகள். "முதல் மாடித் தூணில் தேன்கூடு உள்ளது, உடனே சரிசெய்யவும்" என்று எழுதினால், இருபது தூண்களில் எது என்று மேஸ்திரிக்குத் தெரியாது. 'உடனே' என்றால் அவருக்கு ஒரு கணக்கு, உங்களுக்கு ஒரு கணக்கு.

காங்கிரீட் நிறையாமல் பொள்ளலாக நிற்கும் அதே குறையை இப்படி எழுதிப் பாருங்கள்:

"14ம் தேதி, காலை 10.30. முதல் மாடி, சி4 தூண், படிக்கட்டைப் பார்த்த முகம். தளத்திலிருந்து சுமார் 200 மி.மீ. உயரத்தில், 300 மி.மீ. நீளம், 150 மி.மீ. அகலத்துக்கு ஜல்லி தனித்துத் தெரிகிறது. ஒரு கம்பி வெளியே தெரிகிறது. போட்டோ 1, 2."

இதில் 'வைப்ரேட்டர் சரியாகப் போடாததால்' என்று நான் எழுதவில்லை, கவனித்தீர்களா? பலகை இடுக்கு வழியாகச் சிமென்ட் பால் ஒழுகினாலும் தேன்கூடு வரும். காரணத்தை அங்கேயே எழுதினால் கூட்டம் அதைப் பற்றிய வாக்குவாதமாகிவிடும். கண்ணால் பார்த்ததையும் டேப்பால் அளந்ததையும் மட்டும் எழுதினால் யாரும் மறுக்க முடியாது.

போட்டோவுக்கு வருவோம். ஒரு குறைக்கு இரண்டு படமாவது வேண்டும். தூண் முழுவதும் தெரிய, சாக்பீஸால் 'சி4' என்று எழுதியது அதில் படும்படி தூரத்திலிருந்து ஒன்று; டேப்பைப் பக்கத்தில் வைத்துக் கிட்டத்தில் ஒன்று. கிட்டத்துப் படம் மட்டும் இருந்தால் அது எந்தத் தூணுக்கும் பொருந்தும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும், எடுத்த நேரம் இடம் பற்றிய விவரமும் போய்விடும். அதனால் போனில் இருக்கும் அசலை `0614-C4-1.jpg` என்று பெயரிட்டுத் தனி ஃபோல்டரில் வையுங்கள். மினிட்ஸில் அதே பெயர் வரட்டும்.

அடுத்தது உத்தரவு. இங்கேதான் எனக்கே ஒருமுறை அடி விழுந்தது. மேடவாக்கத்தில் ஒரு வேலையில் இதேபோல் ஒரு தூணுக்கு "ஒரு வாரத்துக்குள் சரிசெய்யவும்" என்று எழுதினேன். ஐந்தாம் நாள் போனபோது சிமென்ட் கலவையைப் பூசி மூடியிருந்தார்கள். உள்ளே எவ்வளவு தூரம் பொள்ளல் இருந்தது என்று பார்க்க மறுபடி கொத்த வேண்டியதாயிற்று. தவறு அவர்களுடையது மட்டுமல்ல, என் குறிப்பிலும் இருந்தது. எந்தக் கட்டத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும் என்று நான் எழுதவே இல்லை.

அதிலிருந்து, மூடப்படும் வேலைக்கு ஒரு கெடு போதாது என்று வைத்துக்கொண்டேன். சி4க்கு மூன்று கெடு எழுதுவேன். 16ம் தேதி திங்கள் மாலை 5 மணிக்குள், தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கெட்டியான காங்கிரீட் வரும்வரை கொத்தி, தூசியை நீக்கி வைக்க வேண்டும். பொறுப்பு கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். 17ம் தேதி செவ்வாய் காலை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்து, எதைக் கொண்டு நிரப்புவது என்று எழுத்தில் சொல்வார். அதுவரை நிரப்பக் கூடாது. அவர் சொன்ன முறையில் 19ம் தேதி வியாழனுக்குள் நிரப்பி, கியூரிங் தொடங்க வேண்டும். கொத்திய பின், நிரப்புமுன் ஒரு போட்டோ. நிரப்பிய பின் ஒரு போட்டோ. கொத்திய பின் எடுக்கும் படம்தான் விலைமதிப்பற்றது, பிறகு எடுக்கவே முடியாது.

தேதி தவறினால் என்ன என்பதையும் கீழே ஒரு வரியில் எழுதுங்கள்: "சி4 சரிசெய்ததை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஏற்கும்வரை இரண்டாம் மாடித் தளத்துக்குக் காங்கிரீட் போடக்கூடாது, அந்தத் தூணைப் பூசவும் கூடாது." அபராத மிரட்டலைவிட இது வேலை செய்யும், அடுத்த தளம் போட்டால்தான் கான்ட்ராக்டருடைய அடுத்த பில் வரும். செலவு யாருடையது என்பதையும் விடாதீர்கள். தேன்கூட்டைச் சரிசெய்வது அவர் பொறுப்பு. ஆனால் கட்டட உரிமையாளர் அங்கேயே நின்று "இந்த ஜன்னலை ஒரு அடி தள்ளுங்க" என்றால் அது கூடுதல் வேலை. அதைக் குறைகளோடு கலக்காமல் தனியாக எழுதி, உரிமையாளர் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஆபீஸுக்குப் போய் எழுதலாம் என்று விடாதீர்கள். சைட் நோட்டிலேயே கார்பன் வைத்து எழுதி, எல்லோருக்கும் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியைக் கான்ட்ராக்டரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஒப்புக்கொள்ளாத வரி இருந்தால் அதன் பக்கத்தில் அவரே தன் மறுப்பை எழுதட்டும். அடுத்த சனிக்கிழமை புதிய குறைகளுக்குப் போகுமுன் சி4 வரியை எடுத்து, நிரப்பிய பின் எடுத்த போட்டோ எண்ணை எதிரே போட்டு 'முடிந்தது' என்று எழுதுங்கள். படம் இல்லையென்றால் பழைய தேதியை அடிக்காமல், அதன் கீழே புதிய தேதியைப் போடுங்கள்.