ஸ்னோபாலா அவலாஞ்சா: அடகு நகை, மோட்டார் லோன், கிரெடிட் கார்டு எல்லாம் ஒண்ணா இருந்தா எதை முதல்ல முடிக்கிறது?

கேள்வி: வாஷிங் மெஷின் கட்டு இன்னும் 480 வெள்ளி, மாசம் 80. அடகு கடையில ரெண்டு சீட்டு, 600, 600. மோட்டார் மாசம் 165, இன்னும் 12 மாசம். கிரெடிட் கார்டு பாக்கி 6,000. எல்லாத்துக்கும் கட்ட வேண்டியத கட்டுன பிறகு மாசம் 300 மிஞ்சுது. சின்ன கடனை முதல்ல முடிக்கவா, வட்டி ஜாஸ்தியா உள்ளத முதல்ல அடிக்கவா?

பதில்:

முதல்ல நகை, அப்புறம் கார்டு. மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் தொடாதீங்க தங்கச்சி, மாசாமாசம் கட்டுறத மட்டும் கட்டிட்டு அது பாட்டுக்கு ஓடட்டும்னு விடுங்க.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீஸ்ல கிராணி. சம்பளம் போட்ட மறுநாள்லேர்ந்து யாராச்சும் ஒருத்தர் பேங்க் லெட்டரை மடிச்சு பாக்கெட்ல வச்சிக்கிட்டு "அண்ணே இத கொஞ்சம் பாருங்களேன்"னு வந்து நிப்பாங்க, அதுல பாத்து பாத்து தெரிஞ்சதுதான் இது. சின்ன கடனை முதல்ல முடிக்கிறது ஸ்னோபால், வட்டி ஜாஸ்தியா உள்ளத முதல்ல அடிக்கிறது அவலாஞ்ச், ரெண்டுமே அமெரிக்காவுல இருந்து வந்த பேச்சு. அங்க உள்ள கணக்கு எல்லாம் என்ன நெனச்சு போடுதுன்னா, கூட ஒரு வெள்ளி கட்டுனா அன்னையிலேர்ந்து அந்த ஒரு வெள்ளிக்கு வட்டி நிக்கும்னு. நம்ம ஊர்ல கார்டுக்கு அது சரி. உங்களது மாதிரி பழைய மோட்டார் லோனுக்கு அது ஓடாது, ஏன்னா அது பிளாட் ரேட்.

உங்க 165ஐ வச்சு பாத்தா 6,000 கடன், 8 சதவீதம், 4 வருஷம் மாதிரி தெரியுது. 6,000க்கு வருஷம் 480 வட்டி, 4 வருஷத்துக்கு 1,920, அத மொதல் நாளே கடனோட சேத்து 7,920 ஆக்கி 48ஆல வகுத்தா சரியா 165 வருது. நீங்க பாதி கடனை அடைச்ச பிறகும் வட்டி முழு 6,000க்குத்தான் போட்டிருக்கு, அதனால போஸ்டர்ல 8னு எழுதியிருந்தாலும் கார்டு மாதிரி பாக்கிக்கு வட்டின்னு கணக்கு பண்ணி பாத்தா 14க்கு மேல வரும். "அட, அப்ப இதையும் சீக்கிரம் அடிக்கணும்ல"னு தோணும். அங்கதான் விஷயமே இருக்கு. இந்த மாசம் 165க்கு பதிலா 365 கட்டுனீங்கன்னா அந்த கூடுதல் 200 அடுத்த மாச கட்டுக்கு முன்பணமா போய் உக்காந்துக்கும், வட்டி ஒரு சென் கூட குறையாது. முழுசா செட்டில் பண்ணாத்தான் கொஞ்சம் தள்ளுபடி உண்டு, அதுவும் 78 விதிப்படி.

அந்த விதி எப்படின்னா, 48 மாச கடனுக்கு மொத மாசத்துக்கு 48 பங்கு வட்டி, ரெண்டாவதுக்கு 47, இப்படியே எறங்கி கடைசி மாசத்துக்கு 1 பங்கு. எல்லாம் கூட்டுனா 1,176 பங்கு. உங்களுக்கு பாக்கி இருக்கிற கடைசி 12 மாசத்துக்கு 12, 11, 10னு கூட்டுனா 78 பங்குதான். 1,920ஐ 1,176ஆல வகுத்து 78ஆல பெருக்குங்க, 127 வெள்ளி. அதாவது பாக்கி 1,980க்கு இன்னிக்கே 1,853 கட்டணும். வட்டியில முக்காவாசிய பேங்க் முன்னாடியே எடுத்துக்கிச்சு, இப்ப ஓடிப்போய் கட்டி பெருசா ஒண்ணும் மிஞ்சாது. அந்த 1,853ஐ முன்கூட்டியே போடுறது உங்களுக்கு வருஷத்துக்கு 12 சதவீதம் சொச்சம்தான் சம்பாதிச்சு குடுக்கும், அதே காசு கார்டுல போனா 18. உங்க அக்ரிமென்ட்ட எடுத்து பாருங்க, பிளாட்டா பாக்கிக்கு வட்டியானு அதுல இருக்கும், புரியலன்னா போன் போட்டு இன்னிக்கு செட்டில் பண்ணா எவ்ளோனு கேளுங்க. அவங்க சொல்ற தொகைக்கும் பாக்கி கட்டு எல்லாத்தையும் கூட்டி வர்ற தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க லாபம், வேற எதையும் நம்பாதீங்க.

வாஷிங் மெஷினும் இதே கதைதான். லாபத்த வெலையிலயே ஏத்தி வச்சிட்டாங்க. முன்னாடியே முடிச்சா கொறைச்சு தருவோம்னு கடை எழுதி குடுக்காத வரைக்கும் 480ஐ இன்னிக்கு கட்டுனாலும் ஆறு மாசத்துல கட்டுனாலும் அதே 480. ஸ்னோபால்காரங்க இதத்தான் முதல்ல அடிக்க சொல்வாங்க, ஏன்னா இதுதான் சின்னது.

இப்ப அடகு. பாஜாக் கடையில சட்டப்படி மாசம் 2 சதவீதம் வரைக்கும் வாங்கலாம், வருஷத்துக்கு 24. கார்ட விட இதுதான் ஜாஸ்தி, ஆனா மாசம் 24 வெள்ளின்னு சின்னதா தெரியிறதால யாரும் கண்டுக்கறதில்ல. ஆறு மாசத்துல மீட்கணும் இல்ல வட்டிய கட்டி சீட்ட மாத்தணும், மறந்தா நகை போச்சு. உங்களுக்கு ரெண்டு சீட்டா இருக்கிறது நல்லதாப் போச்சு. ரெண்டு மாசத்து 300ஐ சேத்து வச்சா ஒரு சீட்ட மீட்டுடலாம், அதோட அந்த சீட்டு வட்டி 12 நின்னுடும். எந்த சீட்டுக்கு தேதி முன்னாடி வருதோ அத முதல்ல எடுங்க.

கார்டுக்கு மாசம் ஒன்றரை சதவீதம், 6,000க்கு 90 வெள்ளி. வட்டி எல்லாருக்கும் ஒண்ணு இல்ல, கடைசி 12 மாசமும் மினிமம் தவறாம நேரத்துக்கு கட்டியிருந்தா 15, பத்து மாசமாச்சும் ஒழுங்கா கட்டியிருந்தா 17, அதுக்கும் கீழன்னா 18. உங்களுக்கு எதுன்னு ஸ்டேட்மென்ட்லயே இருக்கும், நான் 18னு வச்சு போட்டிருக்கேன். மினிமம் பாக்கியில 5 சதவீதம், இப்ப 300. அடுத்த மாசம் 290ஆ எறங்கும், அப்புறம் 280, நீங்களும் கூடவே எறங்குனீங்கன்னா இந்த 6,000 முடிய ஏறக்குறைய 6 வருஷம் ஆகும், வட்டி மட்டும் 2,300 கிட்ட போகும். அதனால மினிமம் எவ்ளோ எறங்குனாலும் நீங்க 300லயே நில்லுங்க. இன்னொண்ணு, பாக்கி நிக்கிற வரைக்கும் அந்த கார்டுல புதுசா எதும் வாங்காதீங்க. முழுசா கட்டுறவங்களுக்குத்தான் 20 நாள் வட்டி இல்லாத டைம், மத்தவங்களுக்கு வாங்குனதுலேர்ந்தே வட்டி ஓடும்.

சரி, ரெண்டு வழியிலயும் மாசம் மொத்தம் 869 வெள்ளின்னு வச்சு ஓட்டி பாத்தேன். 80, 165, அடகு வட்டி 24, கார்டுக்கு 300, மிஞ்சுற 300.

நான் சொன்ன வரிசையில போனா நாலாவது மாசம் ரெண்டு நகையும் வீட்டுக்கு வந்துடும், கார்டு 5,120 கிட்ட நிக்கும். அஞ்சாவது மாசத்துல இருந்து கார்டுக்கு 624. ஆறாவது மாசத்தோட வாஷிங் மெஷின் தானா முடியுது, அந்த 80ம் சேந்து 704. பன்னெண்டாவது மாசம் மோட்டாரும் முடியும், கார்டுல நாலு வெள்ளி பாக்கி.

ஸ்னோபால்ல போனா ரெண்டாவது மாசமே வாஷிங் மெஷின் முடியுது, மூணாவது மாசம் ஒரு நகை, அஞ்சாவது மாசம் இன்னொண்ணு, ஏழாவது மாசம் மோட்டார் செட்டில், எட்டாவதுலேர்ந்து 869ம் கார்டுக்கு. பன்னெண்டாவது மாசம் கார்டுல 59 வெள்ளி பாக்கி.

வித்தியாசம் 55 வெள்ளி. ஒரு வருஷத்துக்கு! இதுக்குத்தான் இன்டர்நெட்ல அடிச்சிக்கிறாங்க. அவலாஞ்ச் கணக்குல ஜெயிக்குது, உண்மைதான், ஆனா உங்க கேஸ்ல ரொம்ப கொஞ்சமா. காரணம் கடன் எல்லாமே கிட்டத்தட்ட ஒரு வருஷத்துல முடியிறது, வட்டி விகிதமும் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப தள்ளி இல்ல. 30,000 கார்டு பாக்கி இருந்தா இந்த பேச்சே வேற.

அதனால உங்களுக்கு கடன் எண்ணிக்கை குறையிறத பாத்தாத்தான் தெம்பு வரும்னா வாஷிங் மெஷின முதல்ல முடிங்க, நான் சண்டைக்கு வரமாட்டேன். டேவ் ராம்சேனு ஒரு அமெரிக்காக்காரர் இதத்தான் ரொம்ப வருஷமா சொல்லிக்கிட்டு இருக்காரு. டேவிட் கால், பிளேக் மெக்ஷேன்னு ரெண்டு பேர் 2012ல போட்ட ஆராய்ச்சியிலயும் கடன் கணக்கை ஒண்ணொண்ணா மூடுறவங்கதான் கடைசி வரைக்கும் போய் முடிக்கிறாங்கன்னு வந்துச்சு. ஆனா நான் இருந்தா நகையத்தான் முதல் வெற்றியா வச்சிப்பேன். வாஷிங் மெஷின் எப்படியும் வீட்லதான் ஓடிக்கிட்டு இருக்கு, நகை அடுத்தவன் பெட்டியில இல்ல இருக்கு. அதுவும் சின்ன கடன்தான், வட்டியும் அதுலதான் ஜாஸ்தி, ரெண்டு கட்சிக்கும் ஒத்துப்போகுது.

இந்த 55 வெள்ளிய விட பெரிய ஓட்டை வேற இடத்துல இருக்கு. வாஷிங் மெஷின் முடிஞ்ச மாசம் அந்த 80 கையில நிக்கும், அந்த நேரம் பாத்து யாராச்சும் கூட்டு சேர கூப்பிடுவாங்க, இல்ல பையன் போன் மாத்தணும்பான். ஏழாவது மாசத்துலேர்ந்து அந்த 80 கார்டுக்கு போகலன்னா வருஷக் கடைசியில 500 கிட்ட பாக்கி நிக்கும். ஆறாவது மாசத்துக்கு முன்னாடியே பேங்க் ஆப்ல கார்டுக்கு போற தொகைய ஏழாவது மாசத்துலேர்ந்து 704னு மாத்தி வச்சிடுங்க.

மினிமமே கட்ட முடியாத நெலம வந்துச்சுன்னா இந்த வரிசை எல்லாம் உதவாது, அப்ப ஏகேபிகே போங்க. பேங்க் நெகாரா 2006ல ஆரம்பிச்சது, ஆலோசனை இலவசம், பேங்க்கோட பேசி மாசக் கட்ட கொறைச்சு குடுப்பாங்க. அடகு கடை அதுக்குள்ள வராது, அத நீங்கதான் பாக்கணும்.

கார்டு தேதிய மட்டும் தவற விடாதீங்க. லேட் சார்ஜ் பாக்கியில 1 சதவீதம், கொறஞ்சது 10, கூடுனது 100. உங்க 6,000க்கு ஒரு தடவ லேட்டானா 60 வெள்ளி, அவலாஞ்ச்ல மிச்சம் பிடிக்கிற 55ம் அதோட போச்சு, 15 சதவீதத்துக்கு எறங்குறதுக்கு மறுபடியும் 12 மாசம் காத்திருக்கணும். நம்ம தோட்டத்துல சம்பளம் 7ஆம் தேதிக்குள்ள வந்துடுது, கார்டு தேதி 25ஆ இருந்தாலும் 7ஆம் தேதியே அனுப்பிடுங்க, வட்டி நாள் கணக்குல ஓடுறதால அந்த 18 நாள் வட்டியும் கொஞ்சம் மிஞ்சும்.