நெகட்டிவ் ஸ்கேனில் வானவில் வளையங்கள்: துடைத்தால் போகாது

*"அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் எடுத்த 120 பிலிம் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் நிறைய இருக்கின்றன, எல்லாம் தனித்தனியாக வெட்டியவை, சுருண்டு கிடக்கின்றன. எப்சன் V600-இல் நேரே கண்ணாடி மேல் வைத்து, நிமிர்வதற்காக ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை மேலே வைத்து ஸ்கேன் செய்கிறேன். கலரில் எடுத்தால் நெற்றியிலும் பின்திரையிலும் வானவில் வளையங்கள். கிரேஸ்கேலில் எடுத்தால் கறுப்பு வெள்ளைப் பட்டைகள். எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை. சில ஸ்லைடுகளிலும் இதே கதை. என்ன செய்யலாம்?"*
*– வாசகர், கும்பகோணம்*

முதலில் துடைப்பதை நிறுத்துங்கள், பிலிமில் கீறல் விழுவதுதான் மிச்சம். அது அழுக்கு இல்லை. சந்தேகம் இருந்தால் அதே நெகட்டிவை எடுத்து மறுபடி வைத்து ஸ்கேன் செய்து பாருங்கள். வளையம் வேறு இடத்தில், வேறு வடிவத்தில் வரும். கைரேகையோ கறையோ இருந்தால் பிலிமோடு ஒட்டிக்கொண்டு அதே இடத்தில்தான் இருக்கும்.

இதற்கு நியூட்டன் வளையம் என்று பெயர் (ராபர்ட் ஹூக் 1665-லேயே இந்த நிறங்களைப் பற்றி எழுதிவிட்டார், பெயர் என்னவோ நியூட்டனுக்குப் போய்விட்டது). பளபளப்பான பிலிமும் பளபளப்பான கண்ணாடியும் கிட்டத்தட்ட தொட்டுக்கொண்டு, ஆனால் முழுசாக ஒட்டாமல் இருக்கும்போது நடுவில் மிக மெல்லிய காற்று இடுக்கு ஒன்று உண்டாகிறது. ஒளியில் பெரும்பகுதி நேரே கடந்து போகும், கொஞ்சம் மட்டும் அந்த இடுக்கின் இரு பக்கமும் பட்டுத் திரும்பிப் பின்னால் வந்து சேரும். இரண்டும் சேரும்போது ஓரிடத்தில் வெளிச்சம் கூடுகிறது, பக்கத்திலேயே குறைகிறது. ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் இடுக்கின் உயரம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் கால் பங்கு அளவுதான் மாறியிருக்கும், அதனால் அந்த வளையங்கள் வரைபடத்தில் மலையைச் சுற்றிப் போடும் உயரக் கோடுகள் மாதிரி, பிலிம் எங்கே எவ்வளவு வளைந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கின்றன. நெகட்டிவைப் பாசிட்டிவாக மாற்றும்போது கான்ட்ராஸ்டும் ஏறுவதால் லேசாக இருந்ததெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. முகம், வானம், பின்திரை போன்ற வெறுமையான இடங்களில்தான் உறுத்தும்.

உங்களுக்கு வேண்டிய விஷயம் இதுதான்: இடுக்கு சில மைக்ரானைத் தாண்டினாலே நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து வளையம் மறைந்துவிடும். சாதாரண A4 தாள் ஒன்றின் கனமே சுமார் 100 மைக்ரான். அதாவது பிலிமின் படப்பகுதி கண்ணாடியிலிருந்து ஒரு தாள் கனத்துக்கு விலகியிருந்தாலே போதும். நீங்கள் செய்வதோ நேர் எதிர், கீழே ஒரு கண்ணாடி, மேலே ஒரு கண்ணாடி, இரண்டிலும் பிலிம் அழுந்திக் கிடக்கிறது.

அப்புறம் எந்தப் பக்கம் கீழே என்று பாருங்கள். நெகட்டிவைச் சாய்த்து டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு பக்கம் பளபளக்கும், அது பேஸ். இன்னொரு பக்கம் மங்கலாக, உருவத்தின் மேடுபள்ளம் லேசாகத் தெரியும்படி இருக்கும், அது எமல்ஷன். சுருண்ட பிலிம் பெரும்பாலும் எமல்ஷன் பக்கமாகத்தான் உள்வாங்கிச் சுருளும். வழக்கப்படி பளபளப்புப் பக்கத்தைக் கீழே வைத்தால் ஓரங்கள் மேலே தூக்கி, நடுப்பகுதி தொங்கிக் கண்ணாடியைத் தொடும். தொடுகிற பக்கமும் வழவழவென்ற பேஸ். வளையம் வர இதைவிட வேறென்ன வேண்டும்? அதனால் திருப்பிப் போடுங்கள். எமல்ஷன் கீழே இருந்தால் ஓரங்கள் கீழே பதிய, நடுப்பகுதி மேலே எழும்பி நிற்கும்.

ஆனாலும் நேரே கண்ணாடியில் வைக்க வேண்டாம். கறுப்பு அட்டையில் ஒரு சட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். 6x6 படம் என்றால் படம் 56 மி.மீ., பிலிம் அகலம் 61 மி.மீ. சுமார். ஆகவே 57 மி.மீ. சதுர ஜன்னல் வெட்டினால் பிலிமின் வெற்று ஓரங்கள் அட்டையில் உட்காரும், படம் எதையும் தொடாது. ஸ்டூடியோ நெகட்டிவ்களில் எமல்ஷன் மேல் பென்சிலால் டச்சிங் செய்திருப்பார்கள், அதற்கும் இது பாதுகாப்பு. V600-இன் மூடியில் உள்ள ஒளிப்பட்டை சுமார் 68 மி.மீ. அகலம்தான், ஜன்னல் அதற்கு நேர் கீழே வர வேண்டும். பிலிம் ஹோல்டரில் ஒரு முனையில் காலியாக ஒரு திறப்பு இருக்கிறதே, ஸ்கேனர் தன் அளவைச் சரிசெய்துகொள்ளும் இடம் அது. உங்கள் அட்டை அந்த இடத்தை மறைத்தால் படம் முழுக்க நீளக் கோடுகள் விழும், வேறொரு தலைவலி.

அட்டையின் கனம் எவ்வளவு? ஒரு அட்டை, இரண்டு அட்டை, மூன்று அட்டை என்று அடுக்கி ஒரே நெகட்டிவை ஸ்கேன் செய்து, 100 சதவீதத்தில் பெரிதாக்கி, எதில் பிலிமின் கிரெயின் கூர்மையாகத் தெரிகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இது ஸ்கேனருக்கு ஸ்கேனர் மாறும்.

இனி மேல் கண்ணாடி. லேசாக வளைந்த நெகட்டிவுக்கு அது தேவையே இல்லை. நன்றாகச் சுருண்டதற்கு ஏதாவது வைத்துத்தான் ஆக வேண்டும், ஆனால் ஜன்னல் கண்ணாடி கூடாது, ஆன்டி நியூட்டன் கண்ணாடி வேண்டும். ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு சொரசொரப்பாக்கியது, அந்தப் பக்கம்தான் பிலிமைத் தொட வேண்டும், பலர் மாற்றி வைத்துவிட்டுக் கண்ணாடியைத் திட்டுகிறார்கள். வாங்குவதற்கு முன் அப்பாவின் பழைய என்லார்ஜர் வீட்டில் கிடக்கிறதா என்று பாருங்கள், அதன் நெகட்டிவ் கேரியரில் இந்தக் கண்ணாடியே இருக்க வாய்ப்புண்டு. பிரேம் கடை மேட் கண்ணாடியும் சிலருக்கு வேலை செய்கிறது, ஆனால் சொரசொரப்பு அதிகமானால் அதுவே புள்ளி புள்ளியாகப் படத்தில் பதியும். கண்ணாடியை மட்டும் தனியாக பிலிம் மோடில் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கண்ணாடியில் வளையம் வராமல் இருக்க டால்கம் பவுடர் தூவச் சொல்பவர்கள் உண்டு. அந்தத் தூசியை அப்புறம் யார் ஒவ்வொன்றாக அழிப்பது? வேண்டாம்.

நிமிரட்டும் என்று இரவெல்லாம் கண்ணாடிக்கடியில் அழுத்தியும் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் எமல்ஷன் ஈரத்தை இழுத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பேப்பர் உறையில் போட்டுக் கனமான புத்தகங்களுக்கடியில் சில நாள் வைத்தால் போதும்.

திருப்பிப் போட்டதால் படங்கள் இடம் வலம் மாறி வரும். ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டியதில்லை, கணினியில் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருள் இருந்தால், முதலில் ஸ்கேன்கள் இருக்கும் போல்டருக்குள் `sari` என்று ஒரு போல்டர் உண்டாக்கிவிட்டு அங்கிருந்தே டெர்மினலில் இதைக் கொடுங்கள், மூலக் கோப்புகள் அப்படியே இருக்கும்:

```
magick mogrify -path sari -flop *.tif
```

ஸ்லைடு விஷயம் சுலபம். அட்டை அல்லது பிளாஸ்டிக் மவுண்டில் இருப்பவை கண்ணாடியைத் தொடுவதில்லை, வளையம் வராது. உங்களுடையதில் வருகிறதென்றால் அவை இரு கண்ணாடிகளுக்கு நடுவே மவுண்ட் செய்தவையாக இருக்கும், வளையம் மவுண்டுக்குள்ளேயே உண்டாகிறது. நகத்தால் தட்டினால் தெரிந்துவிடும். மெதுவாகப் பிரித்து, பிலிமை எடுத்துக் கண்ணாடி இல்லாத மவுண்டில் மாட்டி ஸ்கேன் செய்யுங்கள்.