தேய்ந்த முகமன்கள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

‘ஹலோ’ ‘ஹாய்’ ஆகிவிட்டது. ‘குட்பை’ வெறும் ‘பை’ ஆகிவிட்டது. எந்த மொழியை எடுத்தாலும் பழைய முகமன் சொற்கள் நீளமாகவும் மரியாதையாகவும் இருக்கின்றன, இன்றைய சொற்கள் துண்டு துண்டாக இருக்கின்றன. மற்ற சொற்கள் ஓரளவு அப்படியே இருக்கும்போது இவை மட்டும் ஏன் இப்படித் தேய்கின்றன? சோம்பலா, மரியாதை குறைந்துவிட்டதா?

ம.

அன்புள்ள ம.,

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ஹாய், ஹலோவின் சுருக்கம் அல்ல. இரண்டுமே தூரத்தில் இருப்பவரின் கவனத்தைத் திருப்பும் கூவல்களாகத் தொடங்கியவை. அவற்றில் ஹாய்தான் சில நூற்றாண்டுகள் மூத்தது. ஹலோ முகமனாக நிலைத்ததற்குத் தொலைபேசி காரணம். 1877இல் எடிசன் ஒரு கடிதத்தில், தொலைபேசிக்கு அழைப்பு மணியே வேண்டாம், ‘ஹலோ’ என்றால் 10 முதல் 20 அடி தூரத்துக்குக் கேட்கும் என்று எழுதினார். கிரகாம் பெல் விரும்பியது ‘அஹாய்’ என்ற கப்பல்காரர்களின் கூவலை. அது எடுபடவில்லை. குட்டைச் சொல்லைப் பார்த்ததும் இது எதிலிருந்தோ சுருங்கியது என்று முடிவு கட்டிவிட முடியாது. நடுவில் இருந்த வடிவங்கள் பழைய எழுத்துகளில் கிடைக்க வேண்டும்.

அப்படிக் கிடைக்கிற சொற்களில் எனக்குப் பிடித்தது, இத்தாலியர்கள் சந்திக்கும்போதும் பிரியும்போதும் சொல்லும் ‘ச்சாவ்’. வெனிஸ் நகரத்தில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து ‘உங்கள் அடிமை’ என்று சொல்வது அந்தக் கால வழக்கம். வெனிஸ் பேச்சில் அது ‘ஸ்ச்சாவோ வோஸ்த்ரோ’. ‘வோஸ்த்ரோ’ என்றால் உங்கள். எதிரே நிற்பவரைப் பார்த்துச் சொல்லும்போது யாருடைய அடிமை என்பதில் சந்தேகம் வராது, ஆகவே அது முதலில் உதிர்ந்தது. அப்புறம் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் இருந்த ‘வ்’ கரைந்தது. மிஞ்சியது ‘ஸ்ச்சாஓ’, வேகமாகச் சொன்னால் ‘ஸ்ச்சாவ்’. சொல் வெனிஸைத் தாண்டிப் போனபோது, தொடக்கத்தில் ‘ஸ்’ஸும் ‘ச்’சும் முட்டிக்கொள்ளும் அந்த ஒலி மற்ற இத்தாலியர்களின் வாய்க்குப் பழக்கமில்லாதது. ‘ஸ்’ஸும் போயிற்று.

அடிமை என்ற பொருளில் இத்தாலியில் இன்றும் ஒரு சொல் இருக்கிறது: ‘ஸ்கியாவோ’. அதே வேரிலிருந்து வந்த சொல்தான். அதில் ‘ஸ்’ இருக்கிறது, ‘வ்’ இருக்கிறது, எதுவும் உதிரவில்லை. அடிமை என்று சொல்ல வரும்போது முழுதாக நிற்கும் சொல், வணக்கம் சொல்ல வரும்போது பாதியாகிறது. இதற்குச் சோம்பல் காரணம் என்றால், ஒரே வாய் ஒரு சொல்லில் மட்டும் ஏன் சோம்பல் படுகிறது?

விடை கேட்பவரிடம் இருக்கிறது. ஒரு வாக்கியத்தில் ‘அடிமை’ என்று வந்தால், அந்த இடத்தில் ‘அரசன்’ என்றோ ‘அண்ணன்’ என்றோ வேறு எது வேண்டுமானாலும் வந்திருக்கலாம். ஒலிகளைக் கேட்டுத்தான் எது என்று தெரியும், அதனால் பேசுபவர் அவற்றைக் காப்பாற்றியே ஆக வேண்டும். முகமனில் அந்த அவசியம் இல்லை. ஒருவர் எதிரே வந்து நின்று முகத்தைப் பார்த்தாலே அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்துவிடுகிறது. சொல்லின் முதல் துண்டோ கடைசித் துண்டோ காதில் விழுந்தால் போதும். அடிக்கடி புழங்கும் சொல் தேயும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி. அடிக்கடி வருவதோடு, வரப்போவது முன்கூட்டியே தெரியவும் வேண்டும். கூடவே, துண்டு துண்டாகப் பிரித்துப் பொருள் பார்க்கும் தேவையும் போயிருக்க வேண்டும். ச்சாவ் சொல்லும் பெண் ஆண்பால் வடிவத்தையே சொல்கிறாள், பத்துப் பேர் இருக்கும் கூட்டமும் ஒருமையையே சொல்கிறது. அடிமை என்ற பொருள் நினைவில் இருந்தால் பாலும் எண்ணும் மாறியிருக்கும். ஒரு முகமன் உள்ளே காலியாகிவிட்டதா என்று பார்க்க இது நல்ல சோதனை.

நம் ‘வரேன்’ இதே ரகம். ‘போய்விட்டு வருகிறேன்’ என்பது ‘போயிட்டு வரேன்’ ஆகி, கடைசியில் வெறும் ‘வரேன்’ ஆகிறது. கிளம்புகிறவர் ‘வரேன்’ என்கிறார், யாரும் குழம்புவதில்லை.

ஆனால் ஒருவரே நெருங்கியவரிடம் குறுக்கியும் புதியவரிடம் நீட்டியும் சொல்வது எந்தக் காலத்திலும் உண்டு. இரண்டு வடிவமும் அக்கம்பக்கமாக எவ்வளவு காலமும் இருக்கலாம். மாற்றத்தைப் பூட்டிவிடுகிறவர்கள் குழந்தைகள். குழந்தை வீட்டுக்குள் கேட்பது நெருக்கமானவர்களின் குறுகிய வடிவத்தை. அதற்கு அதுதான் முழுச் சொல். நீளமானதைப் பிற்பாடு எங்கோ கேட்கும்போது, அது தன் சொல்லின் மூலம் என்று தெரியாமல், பெரியவர்கள் பேசும் வேறொரு சொல் என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் கேட்ட மரியாதைக் குறைவு இந்த இடத்தில்தான் தோற்றம் கொள்கிறது. நீண்ட வடிவம் அந்நியர்களுக்கும் சடங்குகளுக்கும் என்று ஒதுங்கிவிடுகிறது. பிறகு அதை நண்பரிடம் சொன்னால் ‘என்ன கோபமா’ என்று கேட்பார். அப்படிக் கேட்கும் நாளில் அன்றாடத்தில் அதற்கு இடம் போய்விட்டது.

மூலம் மறந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு குட்பை சாட்சி. அது ‘காட் பி வித் யீ’, கடவுள் உங்களோடு இருக்கட்டும். 1570களில் கேம்பிரிட்ஜ் அறிஞர் கேப்ரியல் ஹார்வி ஒரு கடிதத்தில் அதைக் கிட்டத்தட்ட ‘காட்ப்வைஸ்’ என்று பன்மையில் எழுதியிருக்கிறார். ஒரு வாழ்த்து வாக்கியத்துக்குப் பன்மை விகுதி போட முடிகிறது என்றால் அது அன்றே ஒற்றைச் சொல்லாகிவிட்டது. உள்ளே கடவுள் இருப்பது மங்கியபின், பேசுகிறவர்கள் ‘குட் டே’, ‘குட் நைட்’ ஆகியவற்றைப் பார்த்து அங்கே ‘குட்’டை வைத்தார்கள். தேய்ந்ததை மக்கள் தமக்குத் தெரிந்த துணியை வைத்து ஒட்டுப்போட்டார்கள், தவறான துணி என்றாலும். அப்புறம் அந்த ‘குட்’டும் உதிர்ந்து ‘பை’ மட்டும் நிற்கிறது. ‘குட் மார்னிங்’ சுருங்கும்போதும் இப்படித்தான் ‘மார்னிங்’ நிற்கிறது. இரண்டிலும் அழுத்தம் விழும் பகுதிதான் பிழைத்திருக்கிறது. ‘கடவுள் உங்களோடு இருக்கட்டும்’ என்று மனதாரச் சொல்ல நினைக்கும் ஆங்கிலேயர் இன்றும் அதை முழுதாகவே சொல்கிறார். அந்த வாக்கியம் தேயவே இல்லை.

மரியாதை பற்றி இன்னொன்று. ‘உங்கள் அடிமை’ என்பதை முதலில் சொன்னவர்கள் உண்மையிலேயே அடிமைகளாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. பணிவை மிகைப்படுத்திக் காட்டினார்கள். எல்லோரும் எல்லோரிடமும் அப்படிச் சொன்னால் யாரும் பணிந்ததாக ஆகாது. சமமானவர்களுக்குள் புழங்கும் சொல்லாகி, பிறகு நெருக்கத்தின் சொல்லாகிவிடும். ஹங்கேரியில் இதே கதை தனியாக நடந்திருக்கிறது. லத்தீனில் அடிமை ‘செர்வுஸ்’. அது அங்கே ‘செர்வுஸ்’, ‘செவாஸ்’ என்று தேய்ந்தது, இன்று ஹங்கேரியர்கள் சொல்லும் ‘சியா’வும் அந்த வழியில் வந்ததுதான் என்பார்கள். ச்சாவும் சியாவும் தோழர்களுக்கு மட்டும். முன்பின் தெரியாத பெரியவரிடம் போய் அடிமை என்று சொன்னால் இன்று அவர் முகம் சுளிப்பார், அவ்வளவு உரிமை எடுத்துக்கொள்ளாதே என்று.